வாஷிங் மெஷினும் மோட்டாரும் வெயில் நேரத்தில்: சேலத்து வீடுகளுக்கு எங்கே மிச்சம், எங்கே இல்லை

"மோட்டாரைப் பகல்ல போடுங்க, பில்லு குறையும்." சேலத்தில் கூரையில் சோலார் பேனல் ஏறிய தெருக்களில் எல்லாம் இந்த அறிவுரை சுற்றி வருகிறது. சில வீடுகளுக்கு இது இரண்டு மாதத்துக்கு எழுநூறு ரூபாய் அளவுக்கு உண்மை. அதே தெருவில், அதே அளவு பேனல் போட்ட இன்னொரு வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. பேனல் கம்பெனியோ மோட்டாரின் வயதோ இதைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டை மின்வாரியம் என்ன கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அதனால் டைமர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் பழைய பில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் இணைப்பு எந்த வகை?

சோலாரே இல்லாத சாதாரண வீட்டு இணைப்பு என்றால் விஷயம் சுருக்கம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு யூனிட் அடுக்குதான் விலையைத் தீர்மானிக்கிறது, மணி அல்ல. இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்பதுதான் கேள்வி. காலை ஏழு மணிக்குத் துவைத்தாலும் மதியம் பன்னிரண்டு மணிக்குத் துவைத்தாலும் ஒரே விலை. நேரத்தைப் பொறுத்த கட்டணம் இங்கே தொழிற்சாலைகளுக்குத்தான் பழக்கம். 2022 செப்டம்பர் கட்டண உத்தரவில் உயர் அழுத்த இணைப்புகளுக்குக் காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 சதவீதம் கூடுதல் விலை, இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் சலுகை என்று வைத்தார்கள். வீட்டு மீட்டருக்கு அது பொருந்தாது. ஆகவே சோலார் இல்லாதவர்கள் இப்போதைக்கு நேரத்தை மாற்றி அலைய வேண்டாம். ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு, வாஷிங் மெஷின் பகுதியில் சொல்கிறேன்.

சோலார் உள்ளவர்களில் இரண்டு ரகம். ஒன்று நெட் மீட்டரிங். 2021-ல் வந்த ஒழுங்குமுறைக்குப் பிறகு இணைத்த வீடுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு மானியத்தில் போட்டவர்களும் இதில் வருவார்கள். வெளியே போன யூனிட்டை உள்ளே வந்த யூனிட்டிலிருந்து ஒன்றுக்கு ஒன்று கழித்து, மிச்சத்துக்குப் பில் போடுவார்கள். மதியம் அனுப்பிய ஒரு யூனிட் இரவு எடுத்த ஒரு யூனிட்டுக்குச் சமம் என்றால், மோட்டாரை எப்போது போட்டால் என்ன? கணக்கில் ஒன்றும் மாறாது. இவர்களுக்கு வெயில் நேர ஓட்டத்தில் வேறு ஒரு லாபம் உண்டு, ஆனால் அது பில்லின் விலை வரியில் தெரியாது.

இன்னொன்று, அனுப்பும் யூனிட்டுக்குத் தனி விலை தரும் முறை. 2019 மார்ச்சில் வந்த உத்தரவுப்படி இணைத்தவர்களுக்குத் தாழ்வழுத்தத்தில் ஒரு யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 பைசா. உள்ளே எடுப்பதற்கோ அடுக்கு விலை முழுசாக. அந்தக் காலத்தில் இணைத்து, பிறகு நெட் மீட்டரிங்குக்கு மாறாமல் இருக்கும் வீடுகளும், கடை, தங்கும் விடுதி மாதிரி வணிக இணைப்பில் சோலார் வைத்தவர்களும் இந்தப் பக்கம் வருவார்கள். குறைந்த விலைக்கு விற்று அதிக விலைக்குத் திரும்ப வாங்குகிற நிலை என்பதால், நேரத்தை மாற்றினால் கையில் காசு நிற்பது இவர்களுக்குத்தான்.

பில்லில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்றுமதி யூனிட்டுக்கு நேரே ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்தால் நீங்கள் இரண்டாவது ரகம். யூனிட்டிலிருந்தே யூனிட்டைக் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் விலை போட்டிருந்தால் நெட் மீட்டரிங். பில்லைப் பார்த்தும் புரியவில்லை என்றால் பிரிவு அலுவலகத்தில் மின் இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பேனல் போட்டுக் கொடுத்தவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள், அவர் இல்லை.

இரண்டாம் படி: சேலத்தில் வெயில் எப்போது உச்சி?

கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது சேலத்தில் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சேலம் ஏறக்குறைய 78.15-ல் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், இங்கே சராசரி உச்சி 12 மணி 17 நிமிடம் வாக்கில். பிப்ரவரி நடுவில் அது 12.31 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டி வந்துவிடும். ஆகவே பத்தே முக்கால் முதல் இரண்டு வரை உள்ள நேரத்தைத்தான் நம்பலாம். "காலைல எட்டு மணிக்கே நல்லா வெயில் அடிக்குதே" என்று மோட்டாரைப் போடுபவர்கள் உண்டு. கண்ணுக்கு அது நல்ல வெயில்தான். ஆனால் சாய்வாக விழும் வெயில். மூன்று கிலோவாட் பேனல் அந்த நேரத்தில் ஒரு கிலோவாட்டைத் தாண்டவே திணறும், மோட்டாரின் பசியில் ஒரு பங்கை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

உச்சி நேரத்திலும் மூன்று கிலோவாட் பேனல் மூன்று கிலோவாட் தராது. பேனலின் முத்திரை அளவு 25 டிகிரி சூட்டில் எடுத்தது. ஏப்ரல் மாதச் சேலத்தில் மொட்டை மாடியில் அதன் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது என்றால், அங்கேயே 13 முதல் 15 சதவீதம் போகிறது. தூசியும் ஒயர் நஷ்டமும் போக, கையில் 2.2 முதல் 2.4 கிலோவாட் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

ஏற்காட்டில் கதை வேறு. மேகம் இல்லாத நேரத்தில் குளிர் காரணமாக அங்கே அதே பேனல் கொஞ்சம் அதிகமாகவே தரும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் காலையில் பனிமூட்டம் விலக நேரமாகும், மழைக் காலத்தில் மதியத்துக்கு மேல் மேகம் ஏறும். அங்கே பத்தரை முதல் ஒரு மணி வரைதான் வேலையை முடித்துக்கொள்ள ஏற்ற இடைவெளி. சேலத்திலும் சித்திரை, வைகாசியில் மதியம் மூன்றைத் தாண்டி இடியுடன் மழை கட்டும் நாட்களில் அதே கணக்குதான்.

மூன்றாம் படி: எது எவ்வளவு குடிக்கிறது?

மோட்டாரின் மேல் 1 எச்.பி. என்று எழுதியிருந்தால் 746 வாட் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது மோட்டார் தண்டில் கிடைக்கும் வேலை. அதைத் தர மின் கம்பியிலிருந்து உறிஞ்சுவது ஆயிரம் முதல் ஆயிரத்து நூறு வாட் வரை. பழைய மோட்டார், ரீவைண்டிங் செய்த மோட்டார் என்றால் இன்னும் கூடும். ஆகவே அளந்து பார்ப்பதே சரி, அதற்குத் தனிக் கருவி வேண்டாம்.

மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்றோ 1600 என்றோ அச்சிட்டிருப்பார்கள். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று பொருள். இரவில், சோலார் ஓடாத நேரத்தில், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பகலில் எண்ணாதீர்கள், வெளியே போகும் மின்சாரத்துக்கும் அந்த விளக்கு சிமிட்டும்.

```
வாட் = ஒரு நிமிடச் சிமிட்டல் × 60000 ÷ 3200
59 × 60000 ÷ 3200 = 1106 வாட்
```

வாஷிங் மெஷினுக்கு ஒரு நிமிடம் போதாது. அது ஒரே சீராக உறிஞ்சுவதில்லை. ஃப்ரண்ட் லோட் மெஷின் சுடுநீர் முறையில் ஓடும்போது முதல் இருபது, முப்பது நிமிடத்துக்குள் ஹீட்டர் எரியும்போதெல்லாம் சுமார் 2000 வாட் எடுக்கும். அது அணைந்த பிறகு டிரம் சுற்றுவதற்கு இருநூறு, முந்நூறு வாட் போதும், கடைசிப் பிழிதலில் மட்டும் கொஞ்சம் கூடும். 40 டிகிரி பருத்தி முறையில் ஒரு சுற்றுக்கு 0.7 முதல் 0.9 யூனிட் வரை போவதில் ஒரு பெரிய பங்கு அந்த முதல் அரைமணியில்தான் போகிறது. ஹீட்டர் இல்லாத டாப் லோட் மெஷின் ஒரு சுற்றுக்குக் கால் யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். உங்கள் வீட்டில் இருப்பது அதுவென்றால், துணியை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கவனத்தை முழுக்க மோட்டாரின் மேல் வைத்தால் போதும்.

நான்காம் படி: மோட்டாரை நகர்த்துவது

சேலத்து வீட்டில் பெரும்பாலும் தண்ணீருக்கு இரண்டு வழி இருக்கும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் சம்பில் நிரம்பும், மற்ற நாளில் போர்வெல். சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நகர்த்துவது சுலபம். தண்ணீர் அதிகாலையில் வந்தாலும் அது சம்பில் இருக்கட்டும், மேலே ஏற்றுவது பதினொரு மணிக்கு இருக்கட்டும். இதற்கு ஒரே நிபந்தனை, மேல்தொட்டி ஒரு முழு நாளுக்குப் போதுமா என்பதுதான். ஐந்து பேர் வீட்டுக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி அடுத்த நாள் காலைக் குளியலைத் தாண்டும். ஐந்நூறு லிட்டர் தாண்டாது, காலையில் எப்படியும் மோட்டார் போட வேண்டிவரும். தொட்டி சிறியது என்றால் டைமருக்கு முன் தொட்டிக்குச் செலவு செய்யுங்கள்.

போர்வெல் கொஞ்சம் நுணுக்கம். இந்தப் பக்கம் அடியில் கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் ஊறி வருகிறது, இறைத்த பிறகு மட்டம் திரும்ப ஏற நேரம் எடுக்கும். கோடையில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கடைசி இருபது நிமிடம் காற்றும் தண்ணீருமாக வரும், மோட்டாரும் சூடேறும். அதையே பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை ஒரு தடவை, பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றே கால் வரை இன்னொரு தடவை என்று பிரித்தால் இரண்டும் நல்ல வெயிலில் விழும். இடையில் போர்வெல்லுக்கும் ஊற அவகாசம் கிடைக்கும். தண்ணீர் தீர்ந்தால் தானாக நிறுத்தும் டிரை ரன் கருவி இல்லாமல் போர்வெல்லுக்கு டைமர் போடவே கூடாது. வீட்டில் ஆள் இல்லாத பகலில் வறட்சியாக ஓடி மோட்டார் கருகினால், அதை மேலே எடுத்துக் காயில் கட்டும் செலவு பல வருட மிச்சத்தைத் தின்றுவிடும்.

டைமரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கைப்பேசியில் இயக்கும் சிறிய பிளக் ஒன்றை வாங்கி மோட்டாரை அதில் சொருகிவிடுவார்கள். 16 ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கமான கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். சில மாதங்களில் உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைக்கச் சொன்னாலும் அணையாது. தொட்டி நிரம்பி வழிவதுதான் முதல் அறிகுறி. இதற்குக் காண்டாக்டர் வேண்டும், பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச் அது. டைமர் காண்டாக்டரின் சுருளை மட்டும் இயக்க வேண்டும், மோட்டாரின் கரண்ட் காண்டாக்டர் வழியாகப் போக வேண்டும். கூடவே மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு ஃப்ளோட் சுவிட்ச். இந்த மூன்றையும் எந்த ஒயர்மேனும் அரை நாளில் மாட்டிவிடுவார்.

சப்மெர்சிபிள் பேனலில் பச்சை பட்டனை ஒரு நொடி அழுத்திப் பிடித்து விட்டால்தான் ஓடும் வகை உண்டு. அதற்கு முன்னால் டைமர் வைத்தால் மின்சாரம் மட்டும் போகும், மோட்டார் அசையாது. "அண்ணா, ஸ்டார்ட்டரை ஆட்டோவா மாத்தாம டைமர் போட்டா காசு தண்டங்க" என்று எங்கள் தெரு ஒயர்மேன் முதலிலேயே சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரிதான்.

அப்புறம் மின்தடை. முள் சுற்றும் பழைய வகை டைமரில் பேட்டரி இருக்காது. இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அதன் கடிகாரமும் இரண்டு மணி நேரம் நின்றுவிடும். அன்றிலிருந்து பதினொரு மணி மோட்டார் ஒரு மணிக்கு ஓடும், இன்னொரு தடையில் மூன்று மணிக்குப் போகும். சில வாரங்களில் மாலையில் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வெயில் இருந்தும் பயனில்லை. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லாதபோது பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். முதல் நாள் மாலையே தொட்டியை நிரப்பிவிடுங்கள், அன்றைய ஒரு யூனிட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஐந்தாம் படி: வாஷிங் மெஷின்

இங்கே விதி ஒன்றுதான். ஹீட்டர் எரியும் முதல் அரைமணியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் விழக்கூடாது. 1100 வாட்டும் 2000 வாட்டும் சேர்ந்தால் மூவாயிரத்தைத் தாண்டும். பேனலோ 2300 தருகிறது. மீதியை மீட்டர் வழியாகத்தான் எடுக்கும். மோட்டார் பதினொரு மணிக்கு, மெஷின் பன்னிரண்டு மணிக்கு என்று இடைவெளி விடுங்கள். மதியம் சாதம் இண்டக்‌ஷன் அடுப்பில் என்றால் அதையும் இந்த வரிசையில் சேர்த்துப் பாருங்கள்.

வேலைக்குப் போகும் வீடுகளில் தாமதத் தொடக்கப் பட்டனை நம்ப வேண்டியிருக்கும். அதில் இரண்டு ரகம் இருக்கிறது. சில மெஷினில் நீங்கள் கொடுக்கும் மணி, ஓட ஆரம்பிப்பதற்கு. சிலவற்றில் அது முடிவதற்கு. காலை எட்டு மணிக்கு "நாலு மணி நேரம்" என்று வைத்தால் முதல் ரகத்தில் பன்னிரண்டு மணிக்கு ஹீட்டர் எரியும், நல்லது. இரண்டாவது ரகத்தில் பன்னிரண்டு மணிக்குத் துணி பிழிந்து முடிந்திருக்கும். இரண்டு மணி நேரச் சுற்று என்றால் ஹீட்டர் பத்து மணிக்கே எரிந்திருக்கும், பாதி வெயிலில். அந்த ரகத்துக்கு ஆறு மணி நேரம் கொடுக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் நின்று பார்த்தால் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இது. ஹீட்டர் எவ்வளவு நேரம் எரியும் என்பதை உள்ளே வரும் தண்ணீரின் சூடு தீர்மானிக்கிறது. மெஷின் பதினைந்து லிட்டரை 28-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.2 யூனிட் வேண்டும். சித்திரை மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியில் இருப்பது ஏற்கெனவே 36 டிகிரித் தண்ணீர் என்றால் 0.07 போதும். கறுப்புத் தொட்டி என்றால் குழாயைத் திறந்தாலே கை சுடும் நாட்கள் உண்டு. ஆகவே சோலார் இல்லாத வீட்டுக்கும் நெட் மீட்டரிங் வீட்டுக்கும்கூட, கோடையில் மதியத் துவையல் சில பைசாக்களை உண்மையிலேயே குறைக்கும். பெரிய தொகை இல்லை. ஆனால் அதற்காக நீங்கள் எதையும் வாங்கவும் வேண்டாம். பதினொரு மணிக்குத் தொட்டியை நிரப்பியவுடன் துணியைப் போட்டால் கீழிருந்து ஏறிய குளிர்ந்த தண்ணீர்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் துவையலை முதலிலும் மோட்டாரைப் பிறகும் வையுங்கள்.

ஏற்காட்டில் விருந்தினர் தங்கும் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது வேறு அளவில் பேசும். வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். படுக்கை விரிப்புகளை 60 டிகிரியில் துவைக்க வேண்டும், மார்கழியில் வரும் தண்ணீரோ குளிர்ந்து கிடக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்றே கால் யூனிட்டுக்குக் குறையாது. அறையைக் காலி செய்து விரிப்புகள் கைக்கு வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும், அதுவே அங்கே நல்ல வெயில் நேரம். உடனே மெஷினில் போட்டால் சோலாரும் கிடைக்கும், மாலைப் பனி இறங்குவதற்குள் துணியும் காயும். மாலைக்குத் தள்ளிப் போட்டால் இரண்டும் போச்சு.

ஒரு வீட்டின் கணக்கு

அழகாபுரத்தில் ஐந்து பேர் கொண்ட வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோவாட் பேனல், ஏற்றுமதிக்கு யூனிட் 2.28 தரும் பழைய ஒப்பந்தம். நாளுக்கு 12 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 720 யூனிட் உற்பத்தி. அதில் 210 வீட்டிலேயே பகலில் செலவாகிறது, 510 வெளியே போகிறது. இரவிலும் காலையிலும் உள்ளே எடுப்பது 570.

2024 ஜூலை உயர்வுக்குப் பின் வீட்டுக்காரர் கட்டும் விலையில், 570 யூனிட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 300-க்கு 4.70 வீதம் 1410, அடுத்த 100-க்கு 6.30 வீதம் 630, கடைசி 70-க்கு 8.40 வீதம் 588. மொத்தம் 2628 ரூபாய். ஏற்றுமதி வரவு 1163 போக, கட்ட வேண்டியது 1465.

இப்போது மோட்டாரையும் மெஷினையும் நகர்த்துகிறார்கள். மோட்டார் தினமும் 50 நிமிடம், 0.9 யூனிட், இரண்டு மாதத்தில் 54. துவையல் வாரம் ஐந்து சுற்று, சுற்றுக்கு 0.8; இரண்டு மாதத்தில் 34. மேக நாட்களைக் கழித்தால் இந்த 88-ல் 80 யூனிட் உண்மையிலேயே சோலாரில் ஓடும். உள்ளே எடுப்பது 490 ஆகிறது, வெளியே போவது 430.

490 என்பது 500-க்குள். அங்கேதான் விஷயம். 500-ஐத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட் 4.70 இல்லை, 2.35 தான். ஆக 235, 940, 567 சேர்ந்து 1742 ரூபாய். ஏற்றுமதி வரவு 980. கட்ட வேண்டியது 762. இரண்டு மாதத்துக்கு 703 ரூபாய் மிச்சம்.

இந்த எழுநூறைப் பார்த்து ஒவ்வொரு வீடும் மகிழ வேண்டாம். அதே வீடு ஏற்கெனவே 400-க்குள் எடுத்துக்கொண்டிருந்தால், நகர்த்திய 80 யூனிட்டும் 4.70 அடுக்கிலிருந்து மட்டும் குறையும். இழக்கும் ஏற்றுமதி 2.28. வித்தியாசம் 2.42, மொத்தம் 194 ரூபாய். காண்டாக்டர், டைமர், ஃப்ளோட் எல்லாம் வாங்கி அந்த 194-ஐத் துரத்துவதைவிடக் கையால் சுவிட்ச் போடுவது மேல். நெட் மீட்டரிங் வீட்டில் இதே நகர்த்தலுக்குக் கிடைப்பது பூஜ்யம். உங்கள் பில்லில் எடுத்த யூனிட் 500-க்குச் சற்று மேலே நிற்கிறதா என்று பாருங்கள். முழு முயற்சியும் அந்த வீடுகளுக்குத்தான் தகும். பழைய 2.28 ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் டைமரைவிட முதலில் கேட்க வேண்டியது நெட் மீட்டரிங்குக்கு மாற முடியுமா என்பது. இதே வீட்டில் அப்படிக் கழித்தால் 570-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 60 யூனிட்.

நெட் மீட்டரிங் வீட்டுக்கு என்ன லாபம்?

ஒரு தெருவில் பத்து வீடு சோலார் போட்டால் மதியத்தில் எல்லாரும் லைனுக்குள் தள்ளுவார்கள், வோல்டேஜ் ஏறும். 230-ல் இருக்க வேண்டியது 250-ஐத் தாண்டிப் போனால் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைக் குறைக்கும், அல்லது நின்று நின்று ஓடும். திரையில் Grid Over Voltage என்று வரும். இப்படி நிற்கும் பத்து நிமிடமும் போன யூனிட்தான், கணக்கில் வரவே வராது. அந்த நேரத்தில் மோட்டாரும் மெஷினும் வீட்டில் ஓடினால் தள்ளுவது குறையும், வோல்டேஜ் சில புள்ளி இறங்கும், இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடும். உங்கள் இன்வெர்ட்டர் செயலியில் மதிய வரைபடம் ரம்பப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருந்தால், வானம் தெளிந்த நாளிலும் அப்படி இருந்தால், உங்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. வரைபடம் வழுவழுப்பாக வளைந்து இறங்கினால் இல்லை, விட்டுவிடலாம்.

நேரக் கட்டணம் வீட்டுக்கும் வந்தால்?

மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், நாளில் எட்டு மணி நேரத்தை வெயில் நேரமாக மாநில ஆணையம் குறிக்கட்டும், அந்த நேரத்தில் விலை வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்கட்டும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடட்டும் என்கின்றன. வீடுகளுக்கு 2025 ஏப்ரல் 1 என்று காலக்கெடுவும் ஸ்மார்ட் மீட்டர் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் அது இறங்க, இங்கே ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு வேண்டும்.

அப்படி இறங்கினால் எவ்வளவு? யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் 8.80, வெயிலில் 6.40. காலை ஏழு மணி மோட்டாரும் மாலை ஏழு மணித் துவையலுமாக நம் அழகாபுரம் வீட்டின் 88 யூனிட்டும் உச்சத்திலிருந்து வெயிலுக்குப் போனால் 211 ரூபாய். சோலார் இல்லாத வீட்டுக்கும் அது கிடைக்கும். காலை ஆறு முதல் பத்து வரை உச்சம் என்று தொழிற்சாலைக்கு வைத்த மாதிரியே வீட்டுக்கும் வைத்தால், நம் ஊர்க் காலை மோட்டார்தான் முதலில் அடிபடும்.

கடைசியாக, சரிபார்ப்பது

எல்லாம் மாற்றிய பிறகு, வெயில் தெளிந்த ஒரு நாளில் மீட்டரின் இறக்குமதி எண்ணைப் பத்தே முக்காலுக்கும் இரண்டு மணிக்கும் குறித்து வையுங்கள். மோட்டாரும் மெஷினும் அந்த நேரத்தில் ஓடி முடிந்திருந்தால் எண் அசைந்ததே தெரியக்கூடாது. அரை யூனிட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றாக ஓடியிருக்கின்றன, அல்லது டைமர் தள்ளிப்போயிருக்கிறது.

மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம். ஒருமுனை இன்வெர்ட்டர் ஒரு பேஸில் தள்ளிக்கொண்டிருக்க, மோட்டார் இன்னொரு பேஸில் எடுத்துக்கொண்டிருக்கும். மூன்றையும் சேர்த்துக் கூட்டிக் கழிக்கும் மீட்டர் என்றால் பரவாயில்லை. பேஸ் வாரியாகத் தனித்தனியாகப் பதியும் மீட்டர் என்றால், வெயில் கொளுத்தும்போதே இறக்குமதியும் ஏற்றுமதியும் ஒருசேர ஏறும். மோட்டாரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டி இரண்டு எண்ணையும் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் ஏறினால், மோட்டார் சர்க்யூட்டை இன்வெர்ட்டர் இருக்கும் பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். மீட்டருக்குப் பிறகு, வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் பெட்டிக்குள் முடிகிற வேலை அது. உரிமம் உள்ள ஒயர்மேன் செய்யலாம், மின்வாரிய முத்திரையைத் தொட வேண்டியதில்லை.